அம்மனுக்கு ஒரு தற்காலிக இணைப்பு

என் மாமனார் என்னை முதன்முதலாக "மேடம்" என்று கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை காலையில். அன்று காலை எங்கள் வீட்டில் கேழ்வரகு அடை. அவருக்கு ஒன்று கூடுதலாகவே வைத்துவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், வாசல் பெஞ்சில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோவில் கமிட்டியைச் சேர்ந்த இரண்டு பேர். முறை வரும்வரை காத்திருந்து, உள்ளே வந்து, கையைக் கூப்பி, "வணக்கம் மேடம்" என்றார்.

"உட்காருங்க மாமா" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ்ல மாமான்னு கூப்புடாதம்மா. சொந்தக்காரனுக்குச் சலுகை செய்யறன்னு பேசுவாங்க."

நான் அப்போது பாகூர் பக்கத்தில் ஒரு மின்துறைப் பிரிவு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராக மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவருக்குச் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை. நான் வாழ்க்கைப்பட்ட ஊரும் என் பிரிவுக்குள்ளேயே வந்துவிட்டதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாமனாருக்குக் கொஞ்சம் அதிகமான மகிழ்ச்சி. தீமிதித் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கரண்டப் பத்தி யாரும் கவலப்பட வேணாம், இனிமே அது நம்ம வூட்டுப் பொருளு" என்று சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது என் மாமியார்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர்த் திருவிழா பெரும்பாலும் மின்கம்பியில் திருட்டாக மாட்டும் கொக்கியில்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நீளமான மூங்கில், வளைத்த கம்பி, தைரியமான ஓர் ஆள். மருமகள் ஜே.இ.யாக இருக்கும்போது மாமனார் கொக்கி போட முடியாது. அதனால் முதல் தடவையாக ஊர் சார்பில் தற்காலிக மின் இணைப்புக்கு முறையாக விண்ணப்பம் எழுதி எடுத்து வந்திருந்தார்.

விண்ணப்பத்தை வாங்கிப் படித்தேன். கோவில் கமிட்டியின் முத்திரை, கொம்யூன் பஞ்சாயத்தின் அனுமதிக் கடிதம், ஆதார் நகல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற இடத்தில் "தேவையான அளவு" என்று எழுதியிருந்தார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ற இடத்தில் "விழா நல்லபடியாக முடியும் வரை".

எத்தனை விளக்கு, ஒவ்வொன்றும் எத்தனை வாட், மோட்டார் உண்டா, மைக் செட் எவ்வளவு என்று பட்டியல் வேண்டும் என்றேன். அதை வைத்துத்தான் ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா என்று முடிவு செய்ய முடியும், எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்க முடியும், முன்பணம் எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். லைசென்ஸ் உள்ள ஒயரிங் காண்டிராக்டர் வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கையும் வேண்டும். மாமனார் பவ்வியமாகத் தலையாட்டினார். கமிட்டிக்காரர்களில் ஒருவர், வீட்டில் சாப்பிடும்போது பேசி முடித்திருக்கக் கூடாதா என்ற மாதிரி அவரைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் என்னோடு பேசவில்லை. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, சமையலறையைப் பார்த்து, "உன் மருமவளாண்ட கேளு, டியூப் லைட்டு எத்தினி வாட்டுன்னு" என்றார். மாமியார் என்னைக் கேட்டார். நான் மாமியாரிடம் சொன்னேன். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தோம்.

பட்டியல் வந்தது. அதில்தான் ஒரு கட்அவுட்டும் வந்தது. எல்.இ.டி. பல்பால் ஆன அம்மன். கரியமாணிக்கத்தில் லைட்டுக் கடை வைத்திருக்கிறவரிடம் மாமனார் முன்பணமே கொடுத்துவிட்டிருந்தார். நின்ற கோலம். ஆசீர்வதிக்கிற கை மேலும் கீழும் அசையும். சவுக்கு மரத்தில் சாரம் கட்டி நிறுத்தினால் கோவில் கோபுரத்தைவிட உயரம். பக்கத்து ஊர்த் திருவிழாவில் மயில் மட்டும்தான் வைத்திருந்தார்களாம்.

லைன்மேனைக் கூட்டிக்கொண்டு இடத்தைப் பார்க்கப் போனேன். கோவில் திடலின் நுழைவாசலில் கட்அவுட்டுக்குக் குழி தோண்டியே வைத்திருந்தார்கள். நான் குழியைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தேன். லைன்மேனும் மேலே பார்த்தார். எங்களைப் பார்த்து லைட்டுக் கடைக்காரரும் மேலே பார்த்தார். பதினோராயிரம் வோல்ட் லைன், நுழைவாசலுக்கு நேர் மேலே, வயலிலிருந்து ஊருக்குள் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மன் கையத் தூக்கினா லைனப் புடிச்சிப்பா மேடம்" என்றார் லைன்மேன், மெதுவாக.

மாமனாருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. லைனை ஒரு வாரத்துக்கு உயர்த்திக் கட்டச் சொன்னார். அதற்குப் புதுக் கம்பம், மதிப்பீடு, பணம், மாதக் கணக்கில் வேலை என்று சொன்னேன். அப்படியானால் திருவிழா முடியும்வரை அந்த லைனை நிறுத்தி வைக்கலாமே என்றார். அந்த லைனிலிருந்துதான் நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்கே மின்சாரம் வருகிறது, அதை நிறுத்தினால் அம்மன் எதில் எரிவாள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு லைட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார். உட்கார்ந்த அம்மன் கிடைக்குமா என்று கேட்டார். உட்கார்ந்த கோலத்தில் தன்னிடம் பிள்ளையார்தான் இருக்கிறார் என்றார் அவர்.

உட்கார்ந்தாலும் படுத்தாலும் உயர் அழுத்த லைனுக்கு அடியில் எதையும் கட்டக் கூடாது என்று நான் சொன்னதும் மாமனாரின் முகம் மாறியது. விண்ணப்பத்தில் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் எனக்குச் சேதி சொல்லக்கூட அவர் மாமியாரைக் கேட்கவில்லை.

மறுநாள் அவர் எனக்கு மேலே உள்ள உதவிப் பொறியாளரைப் போய்ப் பார்த்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார்கள். நான் போனபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஜே.இ. வேண்டுமென்றே தாமதம் செய்கிறார் என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஜே.இ. தன் மருமகள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். ஏ.இ.க்கு அது தெரியும், சேர்ந்த அன்றே நான் சொல்லியிருந்தேன். அவர் நான் வரைந்திருந்த இடப் படத்தை நிதானமாகப் பார்த்தார். லைனுக்கும் சாரத்துக்கும் நடுவே விதி கேட்கும் இடைவெளியைத் தன் கையாலேயே குறித்தார். பிறகு, மருமகள் சரியாகத்தான் செய்திருக்கிறாள், நன்றாகப் படித்த பெண் என்றார்.

மாமனார் ஒரு கணம் குழம்பினார். புகாருக்கு வந்தவர் அவர். ஆனால் பாராட்டு தன் வீட்டுக்கு வருகிறது. விட மனம் வரவில்லை.

"நாங்கதான் சார் படிச்ச பொண்ணா பாத்து எடுத்தோம்" என்றார்.

அந்தச் சந்தோஷத்திலேயே மூவருமாக அந்தப் படத்தில் வேறு இடம் தேடினோம். லைனிலிருந்து தள்ளி, திடலின் மேற்குக் கோடியில் சாரம் நிற்கலாம். அம்மன் கோவிலைப் பார்த்தபடி இருப்பாள், சாலையில் வருகிறவர்களுக்கும் தெரிவாள். ஒரே ஒரு சிக்கல்தான். மேற்கே கோவில் நிலம் குறுகல். சாரத்தின் பின்கால்களும் இழுத்துக் கட்டும் கயிறுகளும் பக்கத்துக் காலி மனையில்தான் இறங்க வேண்டும். அந்த மனைக்குச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் அங்கே இணைப்புக் கொடுக்க முடியாது. சொந்தக்காரர் மாமனாரின் பங்காளி. பெரியப்பா மகன். மனையை ஒட்டித்தான் அவர் வீடும்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு வருஷத் தீமிதியில் பரிவட்டம் முதலில் யார் தலையில் கட்டப்பட வேண்டும் என்று சண்டை ஆரம்பித்தது. பூசாரி எந்தத் தலை என்று தெரியாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு ஒருவர் டீக்கடைக்குள் இருந்தால் மற்றவர் வெளியே நின்று குடிப்பார்.

"அவன் வூட்டு வாசல்ல நான் போயி நிக்கணுமா?" என்றார் மாமனார். இந்த முறை என்னிடமே நேராகச் சொன்னார்.

கட்அவுட் வேண்டாம் என்றால் போக வேண்டியதில்லை என்றேன். அவர் போனார். பங்காளி வீட்டில் இல்லை என்று பதில் வந்ததாம். பங்காளியின் செருப்பு வாசலில் இருந்ததாம். மறுபடி போனார். அப்போதும் அதே செருப்பு. அம்மன் பல்பு இரவெல்லாம் பளிச் பளிச்சென்று அடித்தால் தன் வீட்டில் யாரும் தூங்க முடியாது என்று பங்காளி யாரிடமோ சொன்னது காதுக்கு வந்தது. மாமனார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் சம்மதக் கடிதம் வந்துவிட்டது. பங்காளியின் கையெழுத்தோடு, மடித்து, என் மாமியார் கையில். "பால் வாங்கப் போனேன், குடுத்தாரு" என்றார் மாமியார். மாமனார் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நயமாகப் பேசினால் எந்தக் காரியமும் நடக்கும், அது ஒரு கலை என்று எனக்கு விளக்கினார். அவர் பேசியது பூட்டிய கதவோடு மட்டும்தான் என்பதை நானும் மாமியாரும் குறிப்பிடவில்லை.

அதன்பின் வேலைகள் மளமளவென்று நடந்தன. மதிப்பீடு போட்டு, பணம் கட்டி, மூன்று ஃபேஸ் மீட்டருக்கு உத்தரவு ஆனது. எனக்கும் லைட்டுக் கடைக்காரருக்கும்தான் தினமும் தகராறு. அவருடைய ஒயர்களில் பத்தடிக்கு ஒரு முடிச்சு இருந்தது, முடிச்சுக்கு மேலே சில இடத்தில் டேப்பும் சில இடத்தில் நம்பிக்கையும். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். ஜனங்கள் நடக்கிற தரையில் ஒயர் போகக் கூடாது, ஆள் தலைக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும் என்றேன். எர்த் குழி தோண்டினோம். ஜெனரேட்டருக்கு மாற்றுச் சுவிட்சை லைன்மேன் பக்கத்திலேயே நின்று பொருத்த வைத்தார். ஜெனரேட்டர் ஓடும்போது அதன் மின்சாரம் திரும்பி லைனுக்குள் ஏறிவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவர் அவர்தான்.

கடைக்காரருக்கு அடியோடு பிடிக்காதது கசிவு பிரேக்கர். போன மின்சாரம் போன அளவே திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி அது. வழியில் கொஞ்சம் எங்காவது மண்ணுக்கோ மனித உடம்புக்கோ கசிந்தால், கண் இமைக்கும் முன்னால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும்.

"அத்த வச்சா திருவிழா நடக்காது மேடம், சும்மா சும்மா வுழுந்துகினே இருக்கும்" என்றார்.

கசிவு இல்லாவிட்டால் விழாது என்று சொல்லி வைக்க வைத்தேன்.

காப்புக் கட்டுவதற்கு முந்தின மாலை, பொழுது சாயும் நேரத்தில் வெள்ளோட்டம். ஊரே திடலில் கூடியிருந்தது. மத்தியானம் லேசாகத் தூறி நின்றிருந்தது. மாமனார் கையால் சுவிட்ச் போடவேண்டும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. அவர் அம்மனை நினைத்துக் கண்ணை மூடி, சுவிட்சைத் தூக்கினார். அம்மன் எழுந்தாள். சிவப்புச் சேலை, பச்சை ஓரம், மஞ்சள் முகம். கையும் தூக்கினாள். கூட்டம் குலவையிட வாயெடுத்த நேரத்தில் டப்பென்று எல்லாம் அணைந்தது.

மறுபடி போட்டார்கள். மறுபடி கை பாதி எழும்போதே அணைந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், சொன்னேனே என்பது தெளிவாக எழுதியிருந்தது. பிரேக்கரைச் சுற்றி நேராக ஒயர் கொடுத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றார். கூட்டத்திலும் அதற்கு ஆதரவு இருந்தது. ஊர் முன்னால் மாமனாருக்கு முகம் கறுத்துப் போயிருந்தது. ஆனால் அந்த ஒரு நிமிஷ வேலைக்கு நான் சம்மதிக்கவில்லை.

எல்லாக் கிளை இணைப்புகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். பந்தல் அணையாமல் நின்றது. அம்மன் நின்றாள், கையும் இரண்டு மூன்று முறை முழுதாக ஏறி இறங்கியது. சாமி ஊர்வலச் சாலை நின்றது. மேற்கு ஓரத்து டியூப் லைட் கிளையைப் போட்டதும் டப். ஆக, கோளாறு மேற்கே. அந்தக் கிளையை அணைத்து வைத்துவிட்டு நானும் லைன்மேனும் டார்ச்சோடு ஒயர் வழியாகவே நடந்தோம். கம்பம் கம்பமாகச் சுத்தமாகத்தான் இருந்தது. கடைசிச் சவுக்குக் கம்பத்தில் ஒயர் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மெல்லிசாக ஒன்று பிரிந்து, முருங்கை மரத்தின் பின்பக்கமாக இறங்கி, வேலிக்குள் நுழைந்தது.

வேலிக்கு அந்தப்பக்கம் பங்காளி வீட்டு இரும்பு கேட். கேட் முழுக்கச் சீரியல் விளக்குச் சரம் அழகாகச் சுற்றியிருந்தது. கேட்டைப் பிடித்தபடி இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் பங்காளியின் மனைவி. இன்னொருவர் என் மாமியார்.

"ஒரே ஒரு சரந்தாம்மா. குட்டி லைட்டு" என்றார் மாமியார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புருஷர்கள் பேசாமல் இருந்த வருஷங்களிலெல்லாம் இவர்கள் இருவரும் மகளிர் குழுவில் ஒரே பாயில் உட்கார்ந்து வந்தவர்கள். மனையில் சாரம் கட்டச் சம்மதம் வாங்கித் தந்தால், அம்மன் வெளிச்சத்தில் உன் வீட்டு வாசலுக்கும் ஒரு சரம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். கடைக்காரரின் ஆள் ஒருவரைப் பிடித்து, காபி கொடுத்துக் கட்டியும் விட்டார்கள்.

லைன்மேன் டார்ச்சை அடித்துக் காட்டினார். சரத்தின் முடிச்சு ஒன்று டேப் இல்லாமல் ஈரமான கேட்டில் அழுந்திக் கிடந்தது. நான் மாமியாரிடம் சத்தம் போடவில்லை. அந்தப் பிரேக்கர் இல்லாமல் இருந்தால், நீங்கள் இப்போது பிடித்திருக்கும் கேட் முழுக்க மின்சாரம் நின்றிருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் கையை எடுத்தார். எடுத்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஓரகத்தியின் கையையும் பிடித்துக் கேட்டிலிருந்து விலக்கினார். அதுவரைக்கும் அது எனக்கு வெறும் வேலையாகத்தான் இருந்தது.

அதற்குள் மாமனார் பின்னால் வந்து நின்றிருந்தார். சரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சம்மதக் கடிதம் எப்படி வந்தது என்பது அவர் முகத்தில் மெல்ல மெல்லத் தெரிந்தது.

"நயமா பேசினேன்னு சொல்லிகினு இருந்தீங்களே" என்றார் மாமியார், "அந்த நயம் இதுதான்."

கோவிலுக்குக் கொடுத்த தற்காலிக இணைப்பிலிருந்து தனி வீட்டுக்கு இழுக்கக் கூடாது, சரம் கழற்றப்பட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பங்காளியின் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. அப்போது வீட்டுக் கதவு திறந்தது. இத்தனை நாள் வீட்டில் இல்லாத பங்காளி வெளியே வந்தார். மாமனாரைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பேசினார்.

"மருமவளே, என் வூட்டு மீட்டரு எவ்ளோ தாங்கும்?"

எல்.இ.டி. சரம் சிலவற்றுக்குத் தாராளமாகத் தாங்கும், ஆனால் முடிச்சில்லாத ஒயராகவும் உங்கள் வீட்டிலும் ஒரு கசிவு பிரேக்கரும் இருக்க வேண்டும், கேட்டில் சுற்றக் கூடாது என்றேன். "அவ்ளோதான? எனக்கு எவன் கரண்டும் வேணாம்" என்றார். அந்த எவன் என் மாமனார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சரத்தைக் கழற்றினோம். மேற்குக் கிளையைப் போட்டோம், அணையாமல் நின்றது. எல்லாவற்றையும் போட்டோம், நின்றது. அம்மன் கையைத் தூக்கினாள், இறக்கினாள், கூட்டம் பாதியில் விட்ட குலவையை முழுதாக இட்டது. கடைக்காரர் பிரேக்கரை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் நீட்டினார்.

மறுநாள் பங்காளி வில்லியனூர் போய் வண்டி நிறையச் சரவிளக்கு வாங்கி வந்தார். பிரேக்கரும் வாங்கியிருந்தார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டு முகப்பு, மாடிக் கைப்பிடி, முருங்கை மரம், மாட்டுக் கொட்டகை எல்லாம் நீலமும் வெள்ளையுமாக மின்னின. அம்மனைப் பார்க்க வந்த கூட்டம் திரும்பி அந்த வீட்டையும் பார்த்தது. மாமனார் பந்தலில் உட்கார்ந்து, இதெல்லாம் ஓர் அலங்காரமா என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டார். இருந்தாலும் அவர் நாற்காலியைப் போட்டிருந்தது அந்த வீடு நன்றாகத் தெரிகிற இடத்தில்தான்.

உயரமான தேர் லைனுக்கு அடியில் சாலையைக் கடக்கும்போது அனுமதியோடு லைனை நிறுத்தினோம். ஊர் இருட்டாகி ஜெனரேட்டர் முழங்கியது. தேர் தாண்டியதும் லைன்மேன் கைகாட்ட, மறுபடி மின்சாரம் கொடுத்தோம். தீமிதி அன்று நெருப்பின் முன்னால் யாருக்கும் பல்பு தேவைப்படவில்லை. அந்த வருஷம் பரிவட்டத்தைப் பூசாரி ஒரே நேரத்தில் இரண்டு துணி எடுத்து இரண்டு தலையிலும் கட்டிவிட்டார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, மகளிர் குழுவாகத்தான் இருக்கும்.

விழா முடிந்ததும் நானும் லைன்மேனும் இணைப்பைத் துண்டித்து, கடைசி அளவைக் குறித்து, மீட்டரைக் கழற்றப் போனோம். முன்பணத்தில் மீதியைத் திரும்பப் பெற எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மாமனாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கவனம் அங்கே இல்லை. நல்ல வெயிலில், பங்காளி வீட்டு விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அணைத்தால் தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று பங்காளி நினைத்திருக்கலாம்.

மாமனார் என் பக்கம் சாய்ந்து, அவன் வீட்டுப் பில் எவ்வளவு வரும் என்று அலுவலகத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அடுத்தவர் பில்லை வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றேன்.

அவர் வருத்தப்படவில்லை. முருங்கை மரத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"சரி. எப்படியும் கூடத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.